பால் லைன் கணக்கு: வராத நாளைக் கழித்து மாத பில் போடுவது எப்படி

பால் பாக்கெட் லைனைப் புதிதாக எடுத்திருப்பவர்களுக்கும், அப்பாவோ அண்ணனோ நடத்திவந்த லைனின் கணக்கு நோட்டு இப்போது கைக்கு வந்திருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். விடிகாலையில் எழுந்து தெருத்தெருவாகப் பால் போடுவது கொஞ்ச நாளில் பழகிவிடும். மாதம் பிறந்து பில்லை நீட்டும்போதுதான் சிக்கலே ஆரம்பிக்கும். "நாங்க அஞ்சு நாள் ஊருக்குப் போயிருந்தோமே தம்பி, அதைக் கழிக்கலையா?" என்று ஒரு வீட்டில் கேட்பார்கள். அடுத்த வீட்டில் சமையலறை காலண்டரையே கழற்றிக்கொண்டு வந்து, பால் வேண்டாம் என்று சொன்ன தேதிகளில் போட்டிருக்கும் வட்டத்தைக் காட்டுவார்கள். நம் நோட்டில் அந்தத் தேதியில் ஒன்றும் இருக்காது. வாடிக்கை போய்விடக் கூடாதே என்று அவர்கள் சொல்வதை ஒப்புக்கொண்டு கழிப்போம், அந்தப் பணம் நம் கையிலிருந்துதான் போகும்.

இதற்குத் தீர்வு மாதக் கடைசியில் கவனமாகக் கணக்குப் போடுவது இல்லை. "நாளைக்கு வேண்டாம்" என்று ஒரு வீட்டில் சொன்ன அந்த நிமிடமே அது ஒரு எண்ணாக ஒரே ஒரு இடத்தில் விழ வேண்டும், அந்த ஒரே எண்ணிலிருந்து நாளைக்கு எத்தனை பாக்கெட் என்று டெப்போவுக்குச் சொல்லும் இன்டென்ட், காலையில் லைன் போடும் பையனின் தாள், மாத பில் மூன்றும் வர வேண்டும். மூன்றையும் தனித்தனியாக எழுதுகிற இடத்தில்தான் கணக்கு உதைக்கிறது. கூகுள் ஷீட்ஸில் இதை எப்படி அமைப்பது என்று கீழே சொல்கிறேன். பெரும்பாலான வேலையைப் போனிலேயே செய்யலாம், எக்செலிலும் பெரும்பாலும் இதே சூத்திரங்கள்தான்.

ஷீட்டை அமைப்பது

மாதத்துக்கு ஒரு ஷீட். பெயர் `2022-11` என்று வருடம் முதலில் வருகிற மாதிரி வைத்தால் பின்னால் தேட வசதி. முதல் வரிசையில் E தொடங்கி AI வரை 1, 2, 3 என்று 31 வரை தேதி எண்கள். A நெடுவரிசையில் வீட்டுக் குறியீடு, B-யில் பெயர், C-யில் பாலின் வகை, D-யில் வழக்கமாக எத்தனை பாக்கெட் என்பது. அதற்கு வலப்பக்கம் முழுக்க ஒரு நாளைக்கு ஒரு கட்டம். பழைய நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு வைத்திருப்பார்களே, அதே அமைப்புதான், அதனால் வீட்டில் வேறு யாராவது பார்த்தாலும் உடனே புரிந்துவிடும்.

வீடுகளைப் பெயர் வரிசையில் அடுக்காதீர்கள், பால் போடுகிற வழியில் எந்த வீடு முதலில் வருகிறதோ அந்த வரிசையில் அடுக்குங்கள். ஒரு வீட்டில் நீலம் ஒன்றும் ஆரஞ்சு ஒன்றும் வாங்கினால் அந்த வீட்டுக்கு இரண்டு வரி, இரண்டிலும் A-யில் ஒரே குறியீடு. ஒரு கட்டத்துக்குள் "1+1" என்று எழுதும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். அது எண் இல்லை, எழுத்து. ஏன் ஆபத்து என்று பின்னால் வருகிறேன்.

2, 3, 4-வது வரிகள் விலைக்கு. C2-வில் நீலம், C3-இல் பச்சை, C4-இல் ஆரஞ்சு என்று எழுதி, அந்தந்த வரியில் E முதல் AI வரை ஒவ்வொரு நாளின் ஒரு பாக்கெட் விலையையும் போட்டுவிடுங்கள். மாதம் முழுக்க ஒரே விலைதானே, எதற்கு முப்பது தடவை என்று தோன்றும். ஒரு தடவை போட்டு இழுத்துவிட்டால் போதும், ஆனால் விலை மாதத்தின் நடுவில் மாறும்போது இந்த வரிதான் காப்பாற்றும். முப்பது நாள் மாதத்தில் AI கட்டத்தில் விலை போடாதீர்கள். அந்த நாளில் தவறுதலாக யாராவது எண்ணிக்கை நிரப்பியிருந்தாலும் விலை காலியாக இருப்பதால் பில்லில் ஏறாது. C-யில் பாலின் வகையைக் கையால் தட்டாமல், `Data validation` வழியாகக் கீழே விரியும் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் "ஆரஞ்சு" என்றும் இன்னொன்றில் கடைசியில் ஒரு இடைவெளியோடும் இருந்தால் ஷீட்டுக்கு இரண்டும் வேறு வேறு.

வீடுகள் 6-வது வரியிலிருந்து தொடங்கட்டும். கடைசி வீட்டுக்குக் கீழே "கடை" என்று வகைக்கு ஒரு வரி சேருங்கள், கையில் காசு கொடுத்து அன்றன்றைக்கு வாங்கிப் போகிறவர்களுக்கான உதிரி விற்பனை அதில் போகும். அந்த வரி இல்லையென்றால் தினசரி எண்ணிக்கை ஒருநாளும் டெப்போ ரசீதோடு ஒத்துவராது.

கட்டங்களை நிரப்புவது

மாதத்தின் முதல் நாளுக்கு முந்தைய மாலையே எல்லா வீட்டுக்கும் எல்லா நாளுக்கும் வழக்கமான எண்ணிக்கையை நிரப்பிவிடுங்கள். தினமும் அறுபது வீட்டுக்கு டிக் போடுவது நடக்காத காரியம், நாலு நாள் செய்வோம், ஐந்தாம் நாள் விட்டுப்போகும். மாறுகிற நாளை மட்டும் தொட்டால் போதும் என்றால் வேலை ஒரு நாளைக்கு ஐந்தாறு கட்டத்தோடு முடிந்துவிடும்.

ஆனால் நிரப்பும்போது `=$D6` என்று சூத்திரமாக நிரப்பினால் அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். 16-ஆம் தேதி ஒரு அக்கா "இனிமே ஒரு பாக்கெட் போதும்" என்பார், நாம் D-யில் 2-ஐ 1 ஆக்குவோம், அந்த நொடியே 1 முதல் 15 வரை போட்ட பாலும் பாதியாகக் குறைந்துவிடும், பில் வரும்வரை யாருக்கும் தெரியாது. நிரப்பியதும் முழுவதையும் காப்பி எடுத்து அதே இடத்தில் `Paste special` > `Values only` கொடுத்து வெறும் எண்ணாக மாற்றிவிடுங்கள். மாதத்தின் நடுவில் வழக்கம் மாறினால் அந்த நாளிலிருந்து வலப்பக்கக் கட்டங்களை மட்டும் மாற்றுங்கள், D-யை அடுத்த மாத ஷீட்டில் மாற்றிக்கொள்ளலாம்.

இனி, இரண்டே விதி. பால் வேண்டாம் என்ற நாளுக்கு 0. அந்த வீடு நம் வாடிக்கையாகவே இல்லாத நாளுக்குக் கட்டம் காலி. 12-ஆம் தேதி குடிவந்தவர்களுக்கு 1 முதல் 11 வரை காலியாகத்தான் இருக்க வேண்டும், 0 போட்டால் அவர்கள் பில்லில் "பால் வராத நாள்" என்று பதினொரு தேதி அச்சாகும். முப்பது நாள் மாதத்தின் 31-ஆம் கட்டமும் அதேபோலக் காலி. இந்த வித்தியாசத்தைக் காக்காவிட்டால் பின்னால் வரும் சூத்திரம் தேதிகளைத் தப்பாகக் காட்டும்.

"வேண்டாம்" என்று சொல்வதை எழுதுவது

தகராறில் பாதி இங்கேதான் பிறக்கிறது. "பத்திலேருந்து பதினாலு வரைக்கும் வேண்டாம்" என்றால் பதினாலாம் தேதி காலையில் பால் வேண்டுமா வேண்டாமா? சொல்பவர் மனதில் பதினாலாம் தேதி ராத்திரி ஊர் திரும்புவதாக இருக்கலாம், விடியற்காலையே வந்து இறங்குவதாகவும் இருக்கலாம். அதனால் எப்போதும் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: "திரும்ப எந்தத் தேதி காலையில பால் போடணும்?" பதினைந்து என்றால் 10 முதல் 14 வரை ஐந்து கட்டத்திலும் 0. தேதி தெரியாது, வந்து சொல்கிறோம் என்றால் மாதக் கடைசி வரை 0 போட்டுவிடுங்கள், வந்ததும் அன்றிலிருந்து மாற்றிக்கொள்ளலாம். அது அடுத்த மாதத்துக்கும் நீண்டால் புது ஷீட்டை நிரப்பும்போது கவனிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றாம் தேதி காலையில் பூட்டிய வீட்டு வாசலில் இரண்டு பாக்கெட் வெயிலில் கிடக்கும்.

யார், எந்தத் தேதிக்கு, எப்போது சொன்னார் என்பதைத் தனியாக "தகவல்" என்று ஒரு ஷீட்டில் ஒரு வரி எழுதிவையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த செய்தி அங்கேயே இருக்கும், ஆனால் போனில் சொன்னதும், பால் போடும்போது மாடியிலிருந்து கூப்பிட்டுச் சொன்னதும் எழுதினால்தான் உண்டு. மாதக் கடைசியில் "சொன்னோமா இல்லையா" என்று யாரும் கேட்பதில்லை, "எப்போ சொன்னோம்" என்பதில்தான் வந்து நிற்கும்.

ஏனென்றால் எல்லாவற்றுக்கும் ஒரு நேரக் கெடு இருக்கிறது. டெப்போவிலோ மொத்த ஏஜெண்டிடமோ மறுநாள் இன்டென்ட் கொடுக்கும் நேரம் ஊருக்கு ஊர் வேறு. உங்களுக்கு எந்த நேரமோ அதற்கு ஒரு மணி நேரம் முன்பை வாடிக்கையாளருக்குக் கெடுவாகச் சொல்லிவிடுங்கள். கெடுவுக்குள் சொன்னால் நாம் அந்தப் பாக்கெட்டை வாங்கவே போவதில்லை, கழிப்பதில் நமக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை. கெடு தாண்டிச் சொன்னால் பால் வாங்கியாகிவிட்டது. என் அபிப்பிராயத்தில் கெடு தாண்டிய நாளுக்குக் கழிக்கக் கூடாது, ஆனால் பாக்கெட்டைப் பக்கத்து வீட்டில் கொடுக்கவா என்று கேட்டு அவர்கள் சொல்கிற இடத்தில் கொடுத்துவிட வேண்டும். உதிரியில் விற்றுவிட்டால் கழித்துவிடுங்கள். ஒரே பாக்கெட்டுக்கு இரண்டு பேரிடம் காசு வாங்குவது தெருவில் ஒரு நாளும் மறைந்து நிற்காது.

டெப்போவில் வண்டி வரவில்லை, நமக்கு உடம்பு சரியில்லை, பாக்கெட் ஒழுகியது, இப்படி நம் பக்கத்தில் நடந்ததற்கு அவர்கள் கேட்காமலேயே 0 போட வேண்டும். இதில் கெடு, விதி எதுவும் கிடையாது.

பை விஷயம் ஒன்று. சில வீடுகளில் கேட்டில் பை மாட்டியிருந்தால் பால் வேண்டும், மாட்டாவிட்டால் வேண்டாம் என்று பழக்கம் வைத்திருப்பார்கள். மறந்துபோய் மாட்டாத நாளும் உண்டு. அந்த மாதிரி வீடுகளுக்குப் பை இல்லையென்றாலும் பால் உண்டு, வேண்டாம் என்றால் முந்தைய நாள் மாலையே சொல்ல வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது. ஒத்துக்கொள்ளவில்லை என்றால், பையன் திருப்பிக் கொண்டுவந்த பாக்கெட்டை அன்று காலையே அந்த வீட்டுக் கட்டத்தில் 0 ஆக்குங்கள்.

தினமும் சரிபார்ப்பது

கீழே, வீடுகள் முடிந்த பிறகு, ஒவ்வொரு வகைக்கும் அன்றைய மொத்தம் வர வேண்டும். கடை வரிகளையும் சேர்த்து வீடுகள் 6 முதல் 120 வரை இருப்பதாக வைத்துக்கொண்டால் E122-இல் இதைப் போட்டு, கீழே இரண்டு கட்டத்துக்கும் பிறகு வலப்பக்கமும் இழுங்கள்:

```
=SUMIF($C$6:$C$120, $C2, E$6:E$120)
```

மாலையில் நாளைய கட்டத்துக்குக் கீழே வரும் மொத்தம்தான் நீங்கள் சொல்ல வேண்டிய இன்டென்ட், ஒழுகும் பாக்கெட்டுக்கும் உதிரிக்கும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். காலையில் லைன் முடிந்து வந்ததும் அதே மொத்தத்தை டெப்போ ரசீதோடு ஒப்பிடுங்கள். உதாரணத்துக்கு ஆரஞ்சு 96 பாக்கெட் எடுத்தீர்கள், திருப்பி வந்த வீட்டை 0 ஆக்கி, உதிரியைக் கடை வரியில் எழுதிய பிறகு ஷீட்டில் மொத்தம் 93, கையில் மீதி 2. ஒரு பாக்கெட் எங்கே? ஒழுகியதா, மாடி வீட்டு அண்ணன் இன்னொன்று கொடு என்று வாங்கினாரா, வேண்டாம் என்று சொன்ன வீட்டில் பழக்கதோஷத்தில் போட்டுவிட்டு வந்தானா? பையனிடம் அன்று காலையே கேட்டால் ஞாபகம் இருக்கும். மாதக் கடைசியில் பதினெட்டு பாக்கெட் குறைகிறது என்று தெரிந்தால் யாரிடம் போய்க் கேட்பது? தினமும் இந்த ஒப்பீடு சரியாக வந்தால், மாத பில் அநேகமாகத் தப்பாகாது.

பையனுக்குக் கொடுக்கும் தாளில் எல்லா வீட்டையும் எழுதாமல், வழக்கத்திலிருந்து மாறுகிற வீடுகளை மட்டும் பெரிய எழுத்தில், வழி வரிசையில் எழுதிக் கொடுங்கள். இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் படிக்க வேண்டிய தாள் அது.

பில் போடும் சூத்திரம்

AJ-வில் பாக்கெட் மொத்தம், வெறும் `=SUM(E6:AI6)`. AK-வில் பால் தொகை:

```
=SUMPRODUCT(E6:AI6, INDEX($E$2:$AI$4, MATCH($C6,$C$2:$C$4,0), 0))
```

செய்வது இதுதான்: அந்த வீட்டு வரியில் C-யில் உள்ள வகையைப் பார்த்து, மேலே அந்த வகையின் விலை வரியை எடுத்து, ஒவ்வொரு நாளின் எண்ணிக்கையையும் அதே நாளின் விலையால் பெருக்கிக் கூட்டுகிறது. வராத நாள் 0 என்பதால் தானாகவே கழிந்துவிடும், கூடுதலாக வாங்கிய நாள் தானாகவே கூடிவிடும். "கழிவு" என்று தனிக் கணக்கே வேண்டாம்.

சூத்திரத்தில் ஒரு பொறி இருக்கிறது. கட்டத்தில் எண்ணுக்குப் பதிலாக எழுத்து இருந்தால், அதாவது "2 பாக்" என்றோ "1+1" என்றோ இருந்தால், அது கத்தாது, பேசாமல் 0 என்று எடுத்துக்கொள்ளும். பால் போட்டிருப்போம், காசு வராது. அதனால் கடைசியில் ஒரு காவல் கட்டம் வையுங்கள்:

```
=COUNTA(E6:AI6)-COUNT(E6:AI6)
```

எல்லா வீட்டிலும் இது 0 ஆக இருக்க வேண்டும். 1 என்று காட்டினால் அந்த வரியில் எங்கோ ஒரு எழுத்து உட்கார்ந்திருக்கிறது.

AL-இல் பால் வராத தேதிகளின் பட்டியல். வழக்கத்தைவிடக் குறைவாகப் போட்ட எல்லா நாளையும் இது எடுத்துக் காட்டும்:

```
=ARRAYFORMULA(TEXTJOIN(", ", TRUE, IF((E6:AI6<$D6)*ISNUMBER(E6:AI6), E$1:AI$1, "")))
```

`<` குறியை `>` ஆக்கி AM-இல் போட்டால் கூடுதலாக வாங்கிய தேதிகள். புதிய எக்செலில் `ARRAYFORMULA` என்ற உறை தேவையில்லை. மாத நடுவில் வழக்கத்தை மாற்றிய வீட்டுக்கு மட்டும் இந்தப் பட்டியல் நீளமாக வரும், அதை அனுப்பும் முன் கையால் "16 முதல் 1 பாக்கெட்" என்று திருத்திவிடுங்கள். தொகையில் பாதிப்பு இல்லை.

டெலிவரி கட்டணம் தனி. பாக்கெட்டில் அச்சிட்ட விலைக்கு மேல் பாலை விற்கக் கூடாது, அதனால் ஐம்பது பைசா, ஒரு ரூபாய் என்று பாக்கெட் விலையிலேயே ஏற்றிவைக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் கூலி என்று பில்லில் தனி வரியாகக் காட்டுங்கள். அதையும் பால் போட்ட நாளுக்கு மட்டும் வாங்குவதே நியாயம் என்பது என் கட்சி. நாளுக்கு 2 ரூபாய் என்றால் AN-இல்:

```
=COUNTIF(E6:AI6,">0")*2
```

ஒரே வீட்டுக்கு இரண்டு வரி இருந்தால் ஒரு வரியில் மட்டும் இதைப் போடுங்கள், இல்லாவிட்டால் கூலி இரண்டு தடவை ஏறும். பிறகு AO-வில் பழைய பாக்கி, AP-யில் இந்த மாதத்துக்கு முன்கூட்டியே கொடுத்த பணம், AQ-வில் `=AK6+AN6+AO6-AP6`. இரண்டு வரி உள்ள வீட்டுக்கு இரண்டு AQ-வையும் கூட்டிச் சொல்ல வேண்டும், B4 என்ற குறியீடு உள்ள வீட்டுக்கு இப்படி:

```
=SUMIF($A$6:$A$120, "B4", $AQ$6:$AQ$120)
```

ஒரு மாதத்தைப் போட்டுப் பார்ப்போம்

2022 நவம்பரை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அந்த மாதம் 5-ஆம் தேதியிலிருந்து ஆவின் ஆரஞ்சு பாக்கெட் விலை லிட்டர் 48-லிருந்து 60 ரூபாய்க்கு ஏறியது. அரை லிட்டர் பாக்கெட் 24-லிருந்து 30. மாதாந்திர அட்டை வைத்திருந்தவர்களுக்கு மட்டும் லிட்டருக்கு அவர்களுடைய பழைய 46 ரூபாய் விலையே தொடர்ந்தது. அப்படி ஒரே பாக்கெட்டுக்கு இரண்டு விலை இருந்தால் "ஆரஞ்சு அட்டை" என்று தனி வகையாக ஐந்தாவது வரியில் விலை போட்டு, சூத்திரத்தில் `$4` வருகிற இடங்களை `$5` ஆக்கி, அன்றாட மொத்தத்துக்கும் கீழே ஒரு வரி சேர்த்துக்கொண்டால் போதும்.

B4 வீடு தினமும் ஆரஞ்சு அரை லிட்டர் இரண்டு. 10 முதல் 14 வரை ஊரில் இல்லை, முன்னாடியே சொல்லிவிட்டார்கள். 20-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி வந்ததால் நாலு பாக்கெட். 25-ஆம் தேதி ஒன்று போதும் என்றார்கள். விலை வரியில் ஆரஞ்சுக்கு 1 முதல் 4 வரை 24, 5 முதல் 30 வரை 30.

முதல் நாலு நாளில் 8 பாக்கெட், 192 ரூபாய். மீதி 26 நாளில் ஐந்து நாள் இல்லை, 21 நாள் இரண்டு இரண்டாக 42, இருபதாம் தேதி கூடுதல் 2, இருபத்தைந்தாம் தேதி 1 குறைவு, ஆக 43 பாக்கெட், 1,290 ரூபாய். பால் தொகை 1,482. பால் போட்ட நாள் 25, கூலி 50. அக்டோபர் பாக்கி 32 என்றால் மொத்தம் 1,564.

பலபேர் செய்வது என்ன என்றால், முழு மாதத்துக்குத் தொகை போட்டு அதை 30-ஆல் வகுத்து ஒரு நாள் சராசரியைக் கண்டுபிடித்து, வராத நாளால் பெருக்கிக் கழிப்பார்கள். இந்த வீட்டுக்கு முழு மாதம் 1,752, ஒரு நாளுக்கு 58 ரூபாய் 40 காசு, ஐந்து நாளுக்கு 292. ஆனால் அந்த ஐந்து நாளும் விலை ஏறிய பிறகு வந்தவை, உண்மையில் கழிய வேண்டியது 300. எட்டு ரூபாய்தான் வித்தியாசம், ஆனாலும் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருப்பவர் அதைக் கண்டுபிடித்துவிடுவார், அதோடு நம் மற்ற கணக்கையும் சந்தேகப்படுவார். விலை மாறாத மாதத்தில் இரண்டு வழியும் ஒரே தொகையைத் தரும். அதனால்தான் சராசரி வழி சரி என்ற எண்ணம் விலை ஏறும் மாதம் வரை யாருக்கும் போவதில்லை.

அனுப்பும் பில்லில் தேதிகள் கட்டாயம் இருக்கட்டும். இந்த அளவு போதும்:

B4, நவம்பர் 2022
ஆரஞ்சு ½ லி: 8 × 24 = 192
ஆரஞ்சு ½ லி: 43 × 30 = 1,290
குறைவு: 10, 11, 12, 13, 14, 25
கூடுதல்: 20
டெலிவரி 25 நாள் × 2 = 50
பழைய பாக்கி 32
மொத்தம் ₹1,564

வெறும் "1,564" என்று மட்டும் அனுப்பினால் போன் வரும். தேதிகளோடு அனுப்பினால் அவர்களே காலண்டரைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்வார்கள், தப்பு இருந்தால் "பதினெட்டும் வரலையே" என்று குறிப்பாக ஒரு நாளைச் சொல்வார்கள், நாம் தகவல் ஷீட்டைப் பார்த்து அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் பேசலாம்.

மாதம் மாறும்போது

கடைசி நாள் காலைக் கணக்கு சரியாக வந்ததும் அந்த ஷீட்டை `Protect sheet` கொடுத்துப் பூட்டிவிடுங்கள். பில் அனுப்பிய பிறகு தப்பு தெரிந்தால் பழைய ஷீட்டில் எண்ணைத் திருத்தாதீர்கள். அவர்கள் கையில் இருக்கும் பில் ஒன்று, நம் ஷீட்டில் இருப்பது வேறு என்று ஆகிவிடும். புது மாதத்தின் பழைய பாக்கி கட்டத்தில் கூட்டியோ கழித்தோ சரிசெய்து, "18-11 ஒரு நாள் கழிவு" என்று ஒரு குறிப்பு போடுங்கள்.

புது ஷீட்டுக்குப் பழையதை `Duplicate` செய்து, கட்டங்களை அழித்து, மாறிய D-க்களைத் திருத்தி, திரும்ப நிரப்புங்கள். பழைய AQ-விலிருந்து, பில்லுக்குப் பிறகு வந்த பணத்தைக் கழித்தது புது AO. ஜிபேயில் வரும் பணத்தில் பெயர் பல நேரம் மகன் பெயராகவோ மருமகள் பெயராகவோ இருக்கும், அதனால் அனுப்பும்போது குறிப்பில் வீட்டுக் குறியீட்டைப் போடச் சொல்லுங்கள்.

நாளிதழ் லைன் வைத்திருப்பவர்களுக்கும் இதே ஷீட் அப்படியே பொருந்தும். வகைக்குப் பதில் நாளிதழின் பெயர், விலை வரியில் ஞாயிறுகளுக்கு மட்டும் ஞாயிறு விலை. பண்டிகை விடுமுறையால் நாளிதழ் அச்சாகாத நாளில் அந்த நாளிதழின் விலைக் கட்டத்தைக் காலியாக விட்டால் எல்லா வீட்டுக்கும் ஒரே அடியில் கழிந்துவிடும். எல்லா நாளிதழுக்கும் விடுமுறை ஒரே நாளில் வருவதில்லை என்பதால் ஒவ்வொன்றுக்கும் தனி விலை வரி அவசியம். கூலி சூத்திரம் மட்டும் அந்த நாளையும் சேர்த்து எண்ணும், ஏனென்றால் வீட்டுக் கட்டத்தில் 1 இருக்கிறது. அதனால் அந்த நாளிதழ் வாங்கும் வீடுகளின் அன்றைய கட்டங்களை மட்டும் மேலிருந்து கீழ்வரை காலி செய்துவிடுங்கள். 0 போட்டால் எல்லா வீட்டு பில்லிலும் அந்தத் தேதி குறைவு என்று வரும், காலியாக விட்டால் வராது.